நிறமா, வேரா, கிளையா? கரை ஒதுங்கிய கஞ்சிப்பாசியைப் படத்தில் கண்டுபிடிப்பது

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கும் தம்பி ஒருவன் போன மாதம் ஒரு படம் அனுப்பினான். மணலில் ஒதுங்கிக் கிடந்த ஒரு கடற்பாசிக் கொத்து, காய்ந்த வைக்கோல் நிறம், கையளவு. "அண்ணே, இது கஞ்சிப்பாசிதானே, கஞ்சி காய்ச்சலாமா?" நான் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு இல்லை, அது மரிக்கொழுந்துப்பாசி என்ற வேறொரு பாசி என்று எழுதினேன். அது தப்பு. அதிலிருந்து, கரையில் ஒதுங்கிய பாசி என்றால் முதலில் கிளையைத்தான் பார்க்கிறேன்.

நிறத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கஞ்சிப்பாசி, அதாவது கிராசிலேரியா எடுலிஸ், கடலில் இருக்கும்போது கருஞ்சிவப்பு அல்லது ஊதா கலந்த பழுப்பு. கரையில் வெயிலும் மழைத்தண்ணீரும் பட்டால் சிவப்பு நிறமிதான் முதலில் போகும், அடியில் இருந்த பச்சை தெரியும், அப்புறம் மஞ்சள், கடைசியில் வெள்ளை. ஒரே கொத்தில் மணலுக்குள் இருந்த பாதி சிவப்பாகவும் மேலே இருந்த பாதி மஞ்சளாகவும் இருக்கும். ஆகவே பச்சையாக இருப்பதால் பச்சைப்பாசி என்று சொல்ல முடியாது.

வேர் என்று நாம் சொல்வது உண்மையில் வேர் இல்லை, பாறையைப் பிடித்துக்கொள்ளும் அடிப்பகுதி. அது படத்தில் கிடைத்தால் பெரிய உதவி. கஞ்சிப்பாசிக்கு அது ஒரு சின்ன வட்டத் தட்டு, அதிலிருந்து தண்டுகள் கொத்தாகக் கிளம்பும். மரிக்கொழுந்துப்பாசியில் தட்டு இருக்காது, தரையோடு ஊர்ந்து போகும் தண்டும் அதில் அங்கங்கே இழை இழையாகப் பற்றும் முடிச்சுகளும்தான். கயிற்றில் துண்டு துண்டாகக் கட்டி வளர்க்கிற கப்பாபைகஸ் அறுந்து வந்தால் அடிப்பகுதியே இருக்காது, தண்டும் தடித்து, கடிக்கிற மாதிரி குருத்தெலும்புபோல இருக்கும். ஆனால் அலை அடித்துப் பிய்த்து வந்த பாசியில் தட்டு பெரும்பாலும் பாறையிலேயே நின்றுவிடுகிறது. இன்னொரு சிக்கல், இரண்டு பாசிகள் பின்னிக் கிடக்கும்போது ஒன்றின் தட்டை இன்னொன்றுக்குச் சேர்த்துவிடுவோம். தண்டு தட்டிலிருந்து அறுபடாமல் மேலே போவது படத்தில் தெரிந்தால் மட்டும் நம்புங்கள்.

மிஞ்சுவது கிளை. நிறம் போனாலும், அடி பிய்ந்தாலும், கிளை பிரியும் விதம் மாறாது. தம்பியை அந்தக் கொத்தை ஒரு வெள்ளைத் தட்டில் கடல்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் மிதக்கவிட்டு, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து, மொத்தத்துக்கு ஒன்று, அடிக்கு ஒன்று, நுனிக்கு ஒன்று என்று மறுபடி படம் எடுக்கச் சொன்னேன். மணலில் ஒட்டிக் கிடந்தபோது தெரியாதது தண்ணீரில் விரிந்ததும் தெரிந்தது. உருண்டையான தண்டு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம், கவட்டைபோல இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிந்து, நுனி மெலிந்து முடிந்தது. மரிக்கொழுந்தாக இருந்தால் ஒரு நடுத்தண்டும், அதன் இரு பக்கமும் சீப்புப் பல்போலக் குட்டைக் கிளைகளும் இருந்திருக்கும். நான் மஞ்சளைப் பார்த்து ஏமாந்தேனே, இதை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

மற்ற ஒத்த பாசிகளும் இதே படத்தில் விலகிவிட்டன. அகந்தோபோராவில் குட்டைக் கிளைகளைச் சுற்றிலும் குட்டி முட்கள் இருக்கும், ஹிப்னியாவில் ஓர் இனத்துக்குச் சில நுனிகள் கொக்கிபோல வளைந்திருக்கும், கிராசிலேரியா சாலிகோர்னியா கண்டம் கண்டமாக, கண்டத்தின் அடி சுருங்கி, மணி கோத்ததுபோல இருக்கும். நுனிப் படத்தைப் பெரிதாக்கியபோது கிளையில் அங்கங்கே அரைக்கோளமாகச் சின்னப் புடைப்புகள் தெரிந்தன. பெண் செடியின் வித்துப்பைகள் அவை. கிராசிலேரியா குடும்பம் என்பதற்கு அது நல்ல சாட்சி.

குடும்பம் வரைதான் இதை அழுத்திச் சொல்வேன். உருளையான கிராசிலேரியாக்களில் ஒன்றுக்கொன்று நெருங்கியவற்றைப் பிரிக்க, தண்டைக் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இந்தக் கொத்தைக் கிளையையும் இடத்தையும் வைத்து எடுலிஸ் என்றுதான் நினைக்கிறேன், சத்தியம் செய்ய மாட்டேன்.

காய்ச்சலாமா என்று கேட்டானே, அதற்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். 1991-ல் குவாம் தீவில் பாசி சாப்பிட்ட 13 பேர் நோயுற்று, மூன்று பேர் இறந்தார்கள். அந்தப் பாசி இதே எடுலிஸ் என்றுதான் பிறகு வகைப்படுத்தினார்கள். பாலிகேவர்னோசைடு என்ற நஞ்சு அதில் இருந்தது, எல்லா நாளும் எல்லாக் கரையிலும் இருப்பதில்லை. எந்தப் படத்திலும் அது தெரியாது. ஒதுங்கி எத்தனை நாள் ஆனது என்பதும் தெரியாத கொத்து அது. கஞ்சிக்கு வேண்டுமென்றால், பாறையிலிருந்து புதிதாகப் பறித்துக்கொண்டு வரும் பாசி எடுக்கும் அக்காக்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.