மதிப்பை எழுதிக் கொடுத்தாலும் பணம் வராது: கூரியரில் தொலைந்த என் 38,000 ரூபாய்

38,000 ரூபாய் மதிப்புள்ள கேமரா லென்ஸைத் தொலைத்துவிட்டு, அதற்கு ஈடாக 2,000 ரூபாய் தருகிறோம், இணைப்பில் உள்ள படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள் என்று ஒரு கூரியர் நிறுவனம் இன்று காலை எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனம் என்பது போதும்.

லென்ஸை விற்று, வாங்கியவருக்கு அனுப்புவதற்காகக் கிளைக்குக் கொண்டு போனேன். விலைப்பட்டியலின் நகலை வாங்கிப் பார்த்த ஊழியர், ரசீதில் ‘அறிவிக்கப்பட்ட மதிப்பு’ என்ற கட்டத்தில் 38,000 என்று தம் கையாலேயே எழுதினார். இன்சூரன்ஸ் ஏதாவது போட வேண்டுமா என்று கேட்டேன். “அதான் மதிப்பு எழுதியாச்சே சார், இனிமே அது எங்க பொறுப்பு” என்றார். அதே ரசீதில், அதற்குக் கீழே, ‘அனுப்புநர் பொறுப்பு’, ‘நிறுவனப் பொறுப்பு’ என்று இரண்டு சிறிய கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் டிக் போட்டவரும் அவரேதான். அந்த ஒரு டிக்கை வைத்துத்தான் இப்போது என் 38,000 ரூபாயை மறுக்கிறார்கள்.

டிராக்கிங்கில் பதிவு செய்யப்பட்டது, பையில் இடப்பட்டது, புறப்பட்டது, பிரிப்பு மையத்திற்கு வந்தது என்று வரிசையாகக் காட்டியது. அதன் பிறகு ஒரு வரிகூட நகரவில்லை. வாடிக்கையாளர் சேவையை அழைத்தபோதெல்லாம், “பார்சல் மையத்தில்தான் இருக்கிறது, 48 மணி நேரம் பொறுங்கள்” என்ற பதில்தான் வந்தது. அந்த 48 மணி நேரம் ஒவ்வோர் அழைப்பிலும் புதிதாகத் தொடங்கும். பெறுநர் அழைத்தால் அனுப்புநர்தான் புகார் தர வேண்டும் என்றார்கள். நான் அழைத்தால் புகார் ஏற்கெனவே முடித்து வைக்கப்பட்டுவிட்டது என்றார்கள். என்ன முடிந்தது என்று சொல்லத்தான் யாருமில்லை.

உண்மையில் பார்சல் அந்த மையத்திற்கு வந்ததா என்பதே சந்தேகம் என்று, இத்துறையில் வேலை பார்த்த ஒரு நண்பர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. சிறிய பார்சல்களை ஒரே பையில் போட்டு முத்திரையிட்டு, உள்ளே இருப்பவற்றின் பட்டியலோடு அனுப்புகிறார்கள். பை வந்ததும் அதன் எண்ணை மட்டும் ஸ்கேன் செய்தால், பட்டியலில் உள்ள எல்லாப் பார்சல்களுக்கும் ‘வந்தது’ என்று தானாகவே பதிவாகிவிடும். பையைப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஸ்கேன் செய்யும்போதுதான் எது குறைகிறது என்று தெரியும். என் பார்சலுக்கு அந்தத் தனி ஸ்கேன் இல்லவே இல்லை. மையத்தில் எடை பார்த்த பதிவும் இல்லை.

ஆகவே எழுத்துப்பூர்வமான புகாரில் பதிவு எண், தேதி, கிளையில் எடுத்த எடை 1.4 கிலோ, அறிவிக்கப்பட்ட மதிப்பு 38,000, கட்டணம் 420 ஆகியவற்றைக் குறிப்பிட்டு, “பை எப்போது பிரிக்கப்பட்டது, அப்போது குறைவு பதிவு செய்யப்பட்டதா, என் பார்சலை நேரடியாகத் தொட்ட கடைசி ஸ்கேன் எது?” என்று கேட்டேன். விலைப்பட்டியல், ரசீதின் இரு பக்கங்கள், டிராக்கிங் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பொருள் வரவில்லை என்று பெறுநர் எழுதித் தந்த கடிதம் எல்லாவற்றையும் இணைத்து, மொத்தம் 38,420 ரூபாய் கோரினேன். அதற்கு வந்த பதிலில் என் கேள்விகளில் ஒன்றுக்கும் விடை இல்லை. பார்சல் தொலைந்துவிட்டதாக ஒப்புக்கொண்டு, ரசீதின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருக்கும் விதியின்படி, ‘அனுப்புநர் பொறுப்பு’ என்று டிக் போட்ட பார்சலுக்குத் தங்கள் அதிகபட்சப் பொறுப்பு 2,000 ரூபாய்தான் என்று முடித்துவிட்டார்கள். அறிவிக்கப்பட்ட மதிப்பு ஆவணத் தேவைக்காக மட்டும் கேட்கப்படுவதாம்! பணம் கட்டியவருக்கு நான் 38,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்பதால், நஷ்டம் முழுவதும் என் தலையில்தான்.

அனுப்பப்போகிறவர்களுக்காக அவசரமாகச் சில வார்த்தைகள். மதிப்பை எழுதுவது வேறு, இன்சூரன்ஸ் வேறு. தனியாகப் பிரீமியம் வாங்கி, அதை ரசீதில் காட்டினால்தான் இன்சூரன்ஸ் உண்டு. பொறுப்புக் கட்டத்தில் எதற்கு டிக் போடுகிறார்கள் என்று பாருங்கள். டிராக்கிங் பக்கத்தை அன்றன்றே படம் எடுத்து வையுங்கள், பிற்பாடு அது காணாமல் போகலாம். இழப்பீடு கோருவதற்குக் காலவரம்பு உண்டு, அது ரசீதின் பின்பக்கத்தில் இருக்கும். தொலைபேசிப் புகாரை நம்பி அதைத் தவறவிடாதீர்கள். ‘முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்’ என்ற வரியுள்ள படிவத்தில் கையெழுத்திட்டால், மீதியைக் கேட்பது மிகவும் கடினம். எனக்கு வந்த படிவத்தில் அந்த வரி இருக்கிறது. நான் கையெழுத்துப் போடவில்லை. நுகர்வோர் புகாருக்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.