கையால் எழுதிய மளிகை பில்களைக் கணக்கில் ஏற்றிய அனுபவம்

சிறு உணவகங்களுக்குக் கணக்கு எழுதும் நான், அவர்கள் கொண்டுவரும் மளிகைக் கடைக் கைப்பில்களைப் பல ஆண்டுகளாகக் கைப்பேசியில் படமெடுத்து, எழுத்துணர் செயலியில் படிக்கவைத்துப் பதிவு செய்துவருகிறேன். தமிழும் ஆங்கிலமும் கலந்த பில்லில் பொருளின் பெயர் பிழையாக வந்தால் பெரிய நட்டமில்லை, ‘து.பருப்பு’ எப்படிச் சிதைந்து வந்தாலும் துவரம்பருப்பு என்று தெரிந்துவிடும். ஆபத்து எண்களில்தான் இருக்கிறது.

ஒரு பில்லைப் பார்ப்போம். தலைப்பில் பிள்ளையார் சுழி. கீழே ‘து.பருப்பு 1½ – 240’, ‘ந.எண்ணெய் 1 லி – 380’, ‘மி.தூள் 100 – 45’, ‘Soap 4 – 140/-’, மொத்தம் 805. பிள்ளையார் சுழியைச் செயலி சில நேரம் 2 என்று படித்து, அதையும் ஒரு தொகையாக நிறுத்திவிடும். ‘140/-’ என்பதன் சாய்கோடு 1 ஆகி, 1401 என்று வரும். ‘45-50’ என்று கடைக்காரர் எழுதினால் அது நாற்பத்தைந்து ரூபாய் ஐம்பது காசு. செயலிக்கோ அவை இரண்டு தனி எண்கள்.

ஆகவே தொகைகளை முதலில் கூட்டிப் பார்த்துவிடுகிறேன். மேற்கண்ட பில்லில் சாய்கோடு 1 ஆகிவிட்டால் கூட்டல் 2066 வரும்; 805-ஐக் கழித்தால் 1261. வித்தியாசத்தில் ஒன்றைக் கழித்து 9-ஆல் வகுத்தால் 140 கிடைக்கிறது, எந்த வரி கெட்டது என்பது அதிலேயே தெரிந்துவிடும். வித்தியாசம் 6, 60, 600 என்று வந்தால் பெரும்பாலும் 1-ம் 7-ம் குழம்பியிருக்கும். 9-இன் மடங்காக வந்தால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினவா என்று பார்க்க வேண்டும்.

அளவுப் பிழையை மட்டும் கூட்டல் காட்டிக்கொடுக்காது. 1½ என்பது 112 என்று வந்தாலும் மொத்தம் மாறாது, இருப்புக் கணக்குதான் பாழாகும். அங்கே விலையே துணை: கிலோ 160 என்றால் 240 ரூபாய்க்கு ஒன்றரைக் கிலோதான் வரும். ‘மி.தூள்’ மிளகாயா மிளகா என்பதையும் விலைதான் சொல்லும். நூறு கிராம் மிளகுத்தூள் 45 ரூபாய்க்குக் கிடைக்காது.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. கடைக்காரரே தவறாகக் கூட்டியிருக்கலாம், சில்லறையைத் தள்ளியிருக்கலாம், பழைய பாக்கியை ஓரத்தில் சேர்த்திருக்கலாம். பாக்கி வரியைத் தனிப் பத்தியில் பிரித்தெழுதிய பிறகே கூட்டுகிறேன். கார்பன் நகலில் எண்கள் மங்கியிருந்தால் செயலியை நம்பாமல், அசல் தாள் கடையில் இருக்கும்போதே கேட்டுத் தெளிந்துகொள்ளுமாறு உணவகத்தாரிடம் சொல்லியிருக்கிறேன்.