செம்பு நிறம் "உங்கள் முடியின் குணம்" என்றால் நம்பாதீர்கள்

அட்டனில் உள்ள ஓர் அழகு நிலையத்தில் என் தங்கை சாம்பல் சாயல் கொண்ட பழுப்பு நிறம் கேட்டாள். படத்தையும் காட்டினாள். ப்ளீச் போட்டுக் கழுவியதும் முடி பளீரென்ற செம்பு நிறத்தில் நின்றது. "உங்கள் முடியின் குணம் அப்படி, தங்கச்சி. நாங்கள் என்ன செய்வது?" என்றார் அங்கிருந்த அக்கா. ஊதா ஷாம்பூவால் ஒருமுறை கழுவிவிட்டு, வெளுத்த முடியின் சாயலைத் திருத்தப் பூசும் 'டோனர்' என்ற சாயத்தின் பெயரைப் பில்லில் எழுதி அதற்கும் பணம் வாங்கினார். மறுநாள் வந்தால் மீண்டும் ப்ளீச் போடலாம் என்றும் சொன்னார். முடியின் குணம் என்ற அந்தப் பேச்சுதான் எனக்குப் பெரிய கோபம்.

கருமுடி செம்பாவது குறைபாடே அல்ல. நம் முடியில் கருமை தரும் நிறமியோடு செம்மஞ்சள் நிறமியும் இருக்கிறது. ப்ளீச் கருமையைச் சீக்கிரம் கரைத்துவிடும். செம்மஞ்சள் அவ்வளவு எளிதில் போகாது. அதனால் கருமுடி வெளுக்கும்போது முதலில் சிவப்பு, பிறகு செம்மஞ்சள், அப்புறம் மஞ்சள் என்றுதான் போகும். யாருடைய கருமுடியானாலும் வழி இதுதான். செம்மஞ்சளில் நிறுத்திவிட்டு, அதை அடக்கும் வேலையைச் செய்யாமல் விட்டதுதான் தவறு.

அடக்குவது எதிர் நிறம். செம்மஞ்சளுக்கு எதிர் நீலம். மஞ்சளுக்கு எதிர் ஊதா. செம்பு முடியில் ஊதா ஷாம்பூ போட்டால் ஏறக்குறைய ஒன்றும் மாறாது. அது டோனரும் அல்ல.

கண்டியில் வேறொருவர் முடியை வெளிச்சத்தில் பார்த்தார். 1 கறுப்பு, 10 மிக வெளிர் மஞ்சள் என்று எண்ணும் அளவில் இது 6க்கும் 7க்கும் இடையில் இருக்கிறது, கேட்ட பழுப்புக்கு இதுவே போதும், இனி ப்ளீச் வேண்டாம் என்றார். நீல அடிப்படை கொண்ட 6ஆம் நிலைச் சாம்பல் டோனரை டெவலப்பர் எனும் பெராக்சைடு கலவையில் வலுக் குறைந்ததோடு கலந்து, ஈர முடியில் பூசினார். இடையிடையே ஓர் இழையைத் துடைத்துப் பார்த்து, செம்பு மறைந்ததும் கழுவினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

டோனர் முடியை வெளுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிர் சாம்பல் பொன்னிறம் வேண்டுமானால் முடி முதலில் மஞ்சள் வரை வெளுத்தாக வேண்டும். செம்மஞ்சளின் மேல் நீலம் பழுப்பைத்தான் தரும். கழுவக் கழுவச் சில வாரங்களில் டோனர் மங்கி, செம்பு மறுபடி எட்டிப் பார்க்கும். வாரம் ஒருமுறை நீல ஷாம்பூ அதைத் தள்ளிப்போடும்.

டோனருக்குப் பணம் கேட்டால் ட்யூபைக் காட்டச் சொல்லுங்கள். 6.1 என்றிருந்தால் 6 வெளிர்வு நிலை. புள்ளிக்குப் பின் வரும் 1 பெரும்பாலான தயாரிப்புகளில் சாம்பல். காட்ட மறுத்தால் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். மறுநாளே இன்னொரு ப்ளீச் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்; அடுத்தடுத்த ப்ளீச்சில் முடி நடுவிலேயே ஒடியும்.