மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவருக்கு கோட்ரைமாக்சசோல் கொடுத்துவிட்டார்களா? கோட்ரைமாக்சசோலை உடனே நிறுத்தி மருத்துவரிடம் கேளுங்கள்

முடக்குவாதத்துக்கு வாரம் 15 மி.கி. மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கும் 68 வயது அம்மா. சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் என்று பக்கத்து கிளினிக்குக்குப் போகிறார். 'வேறு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?' என்று யாரும் கேட்பதில்லை. கோட்ரைமாக்சசோல் டி.எஸ். என்ற இரட்டை அளவு ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதித் தருகிறார்கள்: காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாளைக்கு. மருந்துக் கடையிலும் கேள்வி இல்லை. ஆறாம் நாள் வாயெல்லாம் புண்; 'சூடு, மோர் குடிங்க' என்கிறார்கள். பத்தாம் நாள் காய்ச்சலும் காலில் சிவப்புப் புள்ளிகளும். ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு 1,200, தட்டணு 18,000; இரண்டுமே ஆபத்தான அளவுக்குக் குறைவு. இப்படித்தான் இது திரும்பத் திரும்ப நடக்கிறது, சிலர் பிழைப்பதில்லை.

புது ரத்த அணுக்கள் உருவாக ஃபோலேட் வேண்டும். அதைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதியை மெத்தோட்ரெக்ஸேட் அடைக்கிறது. கோட்ரைமாக்சசோலில் உள்ள ட்ரைமெத்தோப்ரிமும் அதே நொதியைத்தான் குறிவைக்கிறது. கிருமியின் நொதியைத்தான் அதிகம் தாக்கும், நம்முடையதைக் கொஞ்சம்தான். ஆனால் ஏற்கெனவே பாதி அடைபட்ட வழியில் அந்தக் கொஞ்சமே போதும். கூடவே உள்ள சல்ஃபா, சிறுநீரகம் மெத்தோட்ரெக்ஸேட்டை வெளியேற்றுவதைத் தடுக்கிறது. வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் அதனால்தான் ஆபத்து அதிகம்.

'இந்த வாரம் மெத்தோட்ரெக்ஸேட்டை விட்டுவிட்டால் போதுமே' என்பார்கள். போதாது. அது செல்லுக்குள் தங்கி வாரக்கணக்கில் வேலை செய்யும். தினமும் ஃபோலிக் அமிலம் எடுக்கிறோம் என்பதும் காப்பாற்றாது. அதைப் பயனாக்கவே அடைபட்ட அந்த நொதிதான் தேவை. மருத்துவமனையில் ஃபோலினிக் அமிலம் கொடுப்பது அதனால்தான். அதற்கு அந்த நொதி தேவையில்லை. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு மருந்துகள்.

சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு நைட்ரோஃபியூரன்டாயின் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் நீடித்து வேலை செய்யும் 100 மி.கி. வகை, தினம் இரண்டு வேளை, ஐந்து நாள். இல்லையென்றால் ஒரே ஒரு தடவை ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் தூள். இரண்டும் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு மட்டும். குளிர்காய்ச்சலும் விலாவலியும் இருந்தால் இவை போதாது. தோல் தொற்றுக்குப் பெரும்பாலும் செஃபலெக்சின் கொடுக்கலாம். அமாக்சிசிலின், சிப்ரோஃப்ளாக்சசின் இரண்டும் மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறுவதைக் குறைக்கக்கூடும். வாராந்திரக் குறைந்த அளவில் தேவைப்பட்டால் ரத்த அணுக்களையும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினையும் பார்த்துக் கொடுப்பார்கள். தொற்று தீரும்வரை மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தி வைப்பதா என்பதை மூட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

அட்டையில் பிராண்ட் பெயரைப் பார்க்காதீர்கள். அதன் கீழ் சிறு எழுத்தில் 'ட்ரைமெத்தோப்ரிம்' இருக்கிறதா என்று பாருங்கள். அது தனியாக வந்தாலும் ஆகாது. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் அன்றே ரத்த அணு எண்ணிக்கையும் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். அணுக்கள் சில நாள் கழித்துத்தான் விழும், அதனால் ஒரு வாரத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். வாய்ப்புண், காய்ச்சல், தொண்டை வலி, காரணமில்லாமல் தோலில் வரும் ரத்தக்கட்டு, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், முதல் வார்த்தையாக 'மெத்தோட்ரெக்ஸேட்டோடு கோட்ரைமாக்சசோலும் சாப்பிட்டேன்' என்று சொல்லுங்கள்.