படம் பிரமாதம், காஸ்ட் மட்டும் காணோம்: 55 அங்குல டிவி, மூன்று வருட அனுபவம்

இந்த டிவியின் விலை இறங்கியதைப் பார்த்துவிட்டு, பொங்கோலில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, நீங்க மூணு வருஷமா இதத்தானே பாக்குறீங்க, வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

படத்தைப் பற்றிக் குறையே இல்லை. செங்காங்கில் மாலை வெயில் நேராக ஹாலுக்குள் அடிக்கும் வீட்டில்கூட இருட்டுக் காட்சிகள் தெளிவாகத் தெரிகின்றன. ஒலி பரவாயில்லை. ரிமோட் இன்னும் முதல் நாள் போல வேலை செய்கிறது. என் கோபம் முழுக்க ஒரே இடத்தில்தான்: போனில் பார்ப்பதை டிவித் திரையில் ஓட வைப்பது, அதாவது காஸ்ட் பண்ணுவது.

முதல் இரண்டு வருடம் அதுவும் நன்றாகவே ஓடியது. ஃபைபர் திட்டத்தைப் புதுப்பித்தபோது தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்து, ஃபைபர் வந்து சேரும் பெட்டியும் ரவுட்டரும் ஒன்றாக உள்ள புது ஓஎன்ஆர் பெட்டி வந்தது. பொருத்த வந்தவர் டிவியின் லேன் கேபிளை அந்தப் பெட்டியிலேயே செருகிவிட்டுப் போனார். வீடு முழுக்க வைஃபை பரப்பும் எங்கள் மெஷ் ரவுட்டர் அதே பெட்டிக்குப் பின்னால் இணைந்திருக்கிறது. வீட்டில் எல்லார் போனும் மெஷ்ஷின் வைஃபையில்தான். அன்றிலிருந்து காஸ்ட் பட்டனைத் தட்டினால் டிவியின் பெயரே வரவில்லை. டிவியில் யூடியூப் ஓடுகிறது, போனில் இணையம் பறக்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, பேத்தியின் படங்களைப் பெரிய திரையில் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

டிவி நிறுவனத்தின் உதவி எண்ணில் டிவியை மொத்தமாக ரீசெட் பண்ணச் சொன்னார்கள். பண்ணினோம். கணக்குகள், கடவுச்சொற்கள் எல்லாம் மறுபடி போட்டதுதான் மிச்சம். இணைய நிறுவனத்தில் கேட்டால் வேகம் கூடிய திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். இதுதான் எனக்கு அதிகக் கோபம் தந்த பதில், ஏனென்றால் காஸ்ட்டுக்கும் இணைய வேகத்துக்கும் இந்த இடத்தில் சம்பந்தமே இல்லை.

காஸ்ட் பண்ணும்போது வீடியோ போன் வழியாகப் போவதில்லை. 'இதைப் போடு' என்று போன் சொல்கிறது, டிவி தானே இணையத்திலிருந்து வீடியோவை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அப்படிச் சொல்வதற்கு முன்னால் டிவி எங்கே இருக்கிறது என்று போனுக்குத் தெரிய வேண்டும். அதற்காகப் போன் வீட்டு நெட்வொர்க்கில் எல்லாரையும் பார்த்து ஒரு சின்னக் கேள்வி கேட்கிறது. கூகல் காஸ்ட் என்றால் `_googlecast._tcp.local` என்ற பெயரில், 224.0.0.251 என்ற முகவரிக்கு, 5353 என்ற போர்ட்டில் அந்தக் கேள்வி போகும். டிவி "நான் இருக்கேன், என் முகவரி இது" என்று பதில் சொன்னால்தான் பட்டியலில் அதன் பெயர் வரும். ஆப்பிளின் ஏர்பிளேயும் இதே முறையில்தான் டிவியைத் தேடுகிறது.

சிக்கல் அந்த 224.0.0.251-இல் இருக்கிறது. 224.0.0 என்று தொடங்கும் முகவரிகள் ஒரு நெட்வொர்க்குக்குள் மட்டும் பேசுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. எந்த ரவுட்டரும் அவற்றைத் தன் மறுபக்கத்துக்கு அனுப்பாது, அனுப்பவும் கூடாது. மாடிப்படியில் நின்று கூப்பிட்டால் அந்தத் தளத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்பது போலத்தான் இது. எங்கள் வீட்டில் ஓஎன்ஆர் ஒரு ரவுட்டர், மெஷ் இன்னொரு ரவுட்டர். ஆக, ஒரே ஹாலுக்குள் இரண்டு நெட்வொர்க்.

அதை உறுதி செய்ய அதிக நேரம் ஆகவில்லை. போனில் வைஃபை பெயரைத் தட்டி விவரம் பார்த்தால் 192.168.50.23 என்று இருந்தது. டிவியில் நெட்வொர்க் நிலையைத் தேடிப் பார்த்தால் 192.168.1.7. முதல் மூன்று எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால், வீட்டு ரவுட்டர்களைப் பொறுத்தவரை அது வேறு நெட்வொர்க் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் டிவியிடமிருந்து பதில் வருகிறதா என்று பார்க்க, மெஷ் வைஃபையில் இருந்த மடிக்கணினியில் இதை அடித்தேன்:

```
ping 192.168.1.7
```

பதில் வந்தது! பலரும் இந்த இடத்தில்தான் குழம்பிப் போகிறார்கள். பிங் போகிறது, அப்படியென்றால் இணைப்பு சரி, டிவியில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் மெஷ்ஷுக்குப் பின்னால் இருக்கும் கருவி, வெளியே உள்ள ஒரு குறிப்பிட்ட முகவரிக்குப் பேச நினைத்தால் மெஷ் அதைத் தாராளமாகக் கடத்திவிடும். இணையத்துக்குப் போவதும் அப்படித்தானே. முகவரி தெரிந்தால் பேசலாம், ஆனால் முகவரியைக் கண்டுபிடிக்கும் அந்தப் பொதுக் கேள்வி மட்டும் தாண்டாது. காஸ்ட் பட்டனோ முகவரியை நம்மிடம் கேட்பதில்லை, தானே தேடும். அதனால்தான் பிங் வந்தும் பெயர் வரவில்லை. இதுவே தலைகீழாக, போன் ஓஎன்ஆரின் வைஃபையிலும் டிவி மெஷ்ஷுக்குப் பின்னாலும் இருந்திருந்தால் பிங்கும் வந்திருக்காது.

வீட்டில் இன்னொரு குழப்பமும் இருந்தது. யூடியூப் மட்டும் போனிலிருந்து டிவிக்குப் போய்க்கொண்டிருந்தது. "அதான் வருதே, அப்புறம் என்னப்பா?" என்றாள் மகள். டிவித் திரையில் காட்டும் குறியீட்டைப் போனில் போட்டு யூடியூப்பை இணைத்திருந்தாள். அந்த இணைப்பு யூடியூப்பின் சர்வர் வழியாகப் போகிறது, வீட்டு நெட்வொர்க்கை நம்பி இல்லை. கூகல் போட்டோஸில் இருந்த பேத்தி படங்களுக்கு அந்த வழி கிடையாது. யூடியூப் மட்டும் வருகிறது, மற்றவை வரவில்லை என்றால் முதலில் இந்த இரண்டு நெட்வொர்க் விஷயத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சரி செய்தது எப்படி என்றால், டிவியின் கேபிளை ஓஎன்ஆரிலிருந்து பிடுங்கி மெஷ் ரவுட்டரின் லேன் துளையில் செருகினேன், அவ்வளவுதான். டிவிக்கு 192.168.50 வரிசையில் புது முகவரி வந்தது. போனில் அடுத்த நொடியே பெயர் தெரிந்தது. மெஷ்ஷில் காலியான துளை இல்லாதவர்கள் மெஷ்ஷுக்குப் பின்னால் ஒரு சின்ன நெட்வொர்க் சுவிட்ச் வாங்கிப் போடலாம், அல்லது டிவியை மெஷ்ஷின் வைஃபையிலேயே சேர்த்துவிடலாம். மெஷ்ஷை, ரவுட்டர் வேலையை விட்டு வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினாலும் இரண்டும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். ஆனால் அப்போது பிள்ளைகளுக்கான நேரக் கட்டுப்பாடு போன்ற மெஷ்ஷின் வசதிகள் சில போய்விடக்கூடும். அந்த வசதி எங்களுக்கு வேண்டும், அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிவி 2.4-இலும் போன் 5 கிகாஹெர்ட்ஸிலும் இருப்பதால்தான் காஸ்ட் வரவில்லை என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். ஒரே ரவுட்டரின் இரண்டு அலைவரிசைகளும் வழக்கமாக ஒரே நெட்வொர்க்தான். எண்களைப் பார்க்காமல் அதை நம்பி வைஃபை பெயர்களைப் பிரிக்க வேண்டாம்.

இப்போது தம்பியின் அறைக்கு வருகிறேன். அவருடைய நிலைமை வேறு. வீட்டுக்காரர் தன் குடும்பத்துக்கு ஒரு வைஃபை, வாடகைக்கு இருப்பவர்களுக்கு விருந்தினர் வைஃபை என்று பிரித்து வைத்திருக்கிறார். அறையில் ஏற்கெனவே இருக்கும் பழைய டிவியும் தம்பியின் போனும் அதே விருந்தினர் வைஃபையில்தான். முகவரிகளின் முதல் மூன்று எண்களும் ஒன்றுதான். இருந்தும் காஸ்ட் வரவில்லை. இங்கே பிங்கும் போகவில்லை. ரவுட்டரின் முகவரிக்கு பிங் அடித்தால் பதில் வருகிறது, டிவிக்கு அடித்தால் இல்லை. சில டிவிகள் பிங்குக்குப் பதில் தராது என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. அதே அறையில் இன்னொரு போனுக்கு அடித்தும் பதில் இல்லை என்றதும் சந்தேகம் தீர்ந்தது.

இதைத்தான் கிளையன்ட் ஐசொலேஷன் என்கிறார்கள். சில ரவுட்டர்களில் `AP Isolation` என்று இருக்கும். வைஃபையில் இரண்டு கருவிகள் பக்கத்தில் இருந்தாலும் நேராகப் பேசிக்கொள்வதில்லை, எல்லாமே ரவுட்டர் வழியாகத்தான் போய்த் திரும்பும். ஐசொலேஷன் போட்டிருந்தால், ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டியதை ரவுட்டர் அங்கேயே தடுத்துவிடும். இணையத்துக்குப் போவதை மட்டும் விடும். அதனால் கேள்வியும் டிவிக்குப் போய்ச் சேராது, முகவரியே தெரிந்திருந்தாலும் பேச முடியாது.

வீட்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாத மூன்று பேர் ஒரே வைஃபையில் இருக்கும்போது ஒருவர் கருவியை இன்னொருவர் தொட முடியாமல் இருப்பது வாடகைக்கு இருப்பவர்களுக்கும் பாதுகாப்புதான். அதை நிறுத்தினால் பக்கத்து அறைக்காரர் தவறுதலாகத் தம்பியின் டிவியில் படம் போடவும் முடியும். சில ரவுட்டர்களில் விருந்தினர் பக்கத்துக்கு மட்டும் `Allow guests to see each other` என்று ஒரு தேர்வு இருக்கும். அதைக் கேட்டுப் பார்க்கலாம், மறுத்தால் வற்புறுத்தக் கூடாது.

நான் சொன்ன வழி வேறு. விருந்தினர் வைஃபையை வாங்கி அறைக்குள் சொந்தமாக ஒரு வைஃபை கொடுக்கும் சின்னப் பயண ரவுட்டர் சிம் லிம் ஸ்குவேரில் கிடைக்கும். போனும் டிவியும் அதில் சேர வேண்டும். வீட்டுக்காரரின் ரவுட்டருக்கு அந்த அறையில் ஒரே ஒரு கருவிதான் தெரியும், அதை யாரிடமிருந்தும் பிரிக்க வேண்டியதில்லை. உள்ளே போனும் டிவியும் ஒரே நெட்வொர்க்கில் ஐசொலேஷன் இல்லாமல் பேசிக்கொள்ளும். வைஃபையிலேயே வாங்கி வைஃபையிலேயே கொடுப்பதால் வேகம் கொஞ்சம் குறையும், படம் பார்க்க அது போதும். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே வைக்கச் சொன்னேன். வைத்தார், வேலை செய்கிறது.

இதில் டிவியின் தவறு என்ன என்று கேட்கலாம். நெட்வொர்க் வேறாக இருப்பதற்கோ ஐசொலேஷனுக்கோ அது பொறுப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் டிவியில் முகவரியைப் பார்க்கவே நான்கு மெனு உள்ளே போக வேண்டும். காஸ்ட் உதவிப் பக்கத்தில் 'ஒரே வைஃபையில் இருக்கிறீர்களா' என்ற ஒரு வரிதான். தம்பி ஒரே வைஃபையில்தான் இருந்தார். எங்கள் டிவி வைஃபையிலேயே இல்லை, கேபிளில் இருந்தது. இரண்டு பேருக்கும் அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. முகவரியைப் பெரிய எழுத்தில் காட்டி, 'உங்கள் போனின் எண்ணோடு ஒப்பிடுங்கள்' என்று எழுதியிருந்தால் அம்மா ஊருக்குத் திரும்பும் முன்பே அந்தப் படங்களைப் பார்த்திருப்பார். ரீசெட் பண்ணச் சொன்ன உதவி எண்ணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தம்பிக்கு என் பதில் இதுதான். இந்த விலைக்கு இவ்வளவு நல்ல படம் வேறெதிலும் நான் பார்க்கவில்லை. ஆனாலும் வாங்காதே. நானும் அடுத்த முறை இந்த நிறுவனத்தின் டிவியை வாங்கப் போவதில்லை.