1.7 கோடியா, 2.4 கோடியா, 4 கோடியா: வேலையை விடுவதற்கு எந்தக் கணக்கு?

சம்பளம் நின்ற பிறகும் சேர்த்து வைத்த பணத்திலேயே ஆயுள் முழுக்கக் குடும்பம் ஓடுமானால் அதை நிதிச் சுதந்திரம் என்கிறோம். இதில் லீன், ரெகுலர், ஃபேட் என்று மூன்று ரகம் பேசப்படுகிறது. சிக்கனக் கணக்கு, நடுக் கணக்கு, தாராளக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக மூன்றுக்கும் ஆண்டுச் செலவை 25-ஆல் பெருக்கி, வருகிற தொகையை இலக்கு என்று எழுதிவிடுகிறார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த 25 எங்கிருந்து வந்தது? அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து. முதல் ஆண்டில் கார்ப்பஸில், அதாவது சேர்த்து வைத்த மொத்தத் தொகையில், 4 சதவீதம், இருபத்தைந்தில் ஒரு பங்கு எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனால் 30 ஆண்டுகள் தாங்குமா என்று அவர் பார்த்தார். பார்த்தது அமெரிக்கப் பங்குகளையும் கடன் பத்திரங்களையும், அமெரிக்க விலைவாசியையும். 60 வயதில் ஓய்வு பெறுபவருக்கு 30 ஆண்டு சரி. 48 வயதில் வேலையை விடுபவருக்கு 40, 45 ஆண்டு தாங்க வேண்டும், அதுவும் இந்திய விலைவாசியில். 25 போதாது. சரி, எத்தனை வேண்டும்? மூன்று ரகத்துக்கும் அந்த எண் ஒன்றாக இருக்க முடியாது என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

திருச்சியில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு 42, மனைவிக்கு 40, மகள் எட்டாம் வகுப்பு. கடன் இல்லாத சொந்த வீடு. இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வரும் சம்பளம் 1,40,000 ரூபாய். செலவு 60,000 போக மாதம் 80,000 சேமிக்கிறார்கள். பி.எஃப், மியூச்சுவல் ஃபண்ட், வைப்புநிதி எல்லாம் சேர்த்து 90 லட்சம் இருக்கிறது. மகளின் படிப்புக்கான பணம் தனி. அதை இதில் கலக்கவில்லை, கலக்கவும் கூடாது. குடியிருக்கும் வீடும் கழுத்தில் கிடக்கும் நகையும் கணக்கில் வராது. அவற்றை விற்று அரிசி வாங்கப் போவதில்லை. சும்மா கிடக்கும் மனையை விற்க மனசு இருந்தால் மட்டும் சேர்க்கலாம், அதையும் புரோக்கர் சொல்லும் விலையில் அல்ல, அவசரத்துக்கு விற்றால் கிடைக்கும் விலையில்.

கீழே உள்ள தொகைகள் எல்லாம் இன்றைய ரூபாய் மதிப்பில். விலைவாசியும் வரியும் போக முதலீடு ஆண்டுக்கு 3 சதவீதம் வளர்வதாகவும், சேமிப்பு விலைவாசியோடு சேர்ந்து உயர்வதாகவும் கொண்டிருக்கிறோம்.

| | சிக்கனம் | நடு | தாராளம் |
|---|---|---|---|
| மாதச் செலவு | 40,000 | 60,000 | 1,20,000 |
| நெருக்கடியில் குறைக்கக்கூடியது | 3,000 | 15,000 | 55,000 |
| பெருக்கும் எண் | 36 | 33 | 28 |
| தேவையான கார்ப்பஸ் | 1.73 கோடி | 2.38 கோடி | 4.03 கோடி |
| எட்டும் காலம் | 6 ஆண்டு 3 மாதம் | 10 ஆண்டு 5 மாதம் | 19 ஆண்டு |

முதலில் இரண்டாவது வரிசையைப் பாருங்கள். சிக்கனக் கணக்கின் 40,000 எதில் போகிறது? மளிகை, பால், காய்கறி, கேஸ் 14,000. கரண்ட், தண்ணீர், போன், இன்டர்நெட் 3,000. வண்டிக்கு 3,000. மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு மாதம் 4,000 எடுத்துவைக்க வேண்டும். மருந்து 2,000. ஊரிலிருக்கும் பெற்றோருக்கு 4,000. மொய், சீர், கோயில் 3,000. துணிமணி, பண்டிகை 2,500. வீட்டு வரி, பராமரிப்பு 2,500. சில்லறை 2,000. இதில் எதை வெட்டுவீர்கள்? தீபாவளித் துணியைத் தள்ளிப்போடலாம், சில்லறையைக் கொஞ்சம் சுருக்கலாம். அதற்கு மேல் கை வைத்தால் பெற்றோர் பணத்திலோ மருந்திலோதான் வைக்க வேண்டும். தாராளக் கணக்கில் நிலைமை வேறு. சந்தை விழுந்த ஆண்டில் வெளிநாட்டுப் பயணமும் புதுக் காரும் நின்றால் போதும், செலவு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். செலவிலேயே பிரேக் இருப்பவர் குறைந்த மடங்கோடு வெளியேறலாம். பிரேக் இல்லாதவர் கூடுதல் மடங்கு வைத்துக்கொள்ள வேண்டும். 36, 33, 28 என்பவை வேதவாக்கு அல்ல, எங்கள் கணிப்புதான். ஆனால் ஏறுவரிசை சிக்கனத்தை நோக்கித்தான் இருக்க வேண்டும்.

இதை மதிக்காமல் சிக்கனத்துக்கும் 25 மடங்கு போட்டால் என்ன ஆகும்? இலக்கு 1.2 கோடியாக இறங்கிவிடும். இந்தக் குடும்பம் அதை இரண்டரை ஆண்டுக்குள் எட்டிவிடும், ஆசையாகத்தான் இருக்கும். வேலையை விட்ட கையோடு பங்குச் சந்தை விழுகிறது என்று வையுங்கள். நடக்காததல்ல. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அந்த ஆண்டு அக்டோபரில் 8,000-க்கும் கீழே போனது. நாம் அவ்வளவுகூட வேண்டாம், 40 சதவீதம் என்றே போடுவோம். பணத்தில் பாதி பங்குகளில் இருந்தால் 1.2 கோடி 96 லட்சமாகிறது. இரண்டு ஆண்டுக் குடும்பச் செலவு 10 லட்சம் போனால் 86 லட்சம். விலைவாசியால் ஆண்டுச் செலவு அதற்குள் 5.4 லட்சம் ஆகியிருக்கும். இப்போது எடுப்பது கார்ப்பஸில் 6.3 சதவீதம். பிறகு சந்தை மீண்டாலும், விழுந்த விலையில் விற்றுத் தின்ற யூனிட்டுகள் திரும்பி வராது. அதே அடி 1.73 கோடியில் விழுந்திருந்தால் மிச்சம் 1.28 கோடி, எடுப்பது 4.2 சதவீதம். பயம் இருக்கும், ஆனால் வழி இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சதவீதத்தை மட்டும் எழுதி வையுங்கள். 50 வயதுக்குள் அது 5-ஐத் தாண்டினால் மறுபடி சம்பாதிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது, வேலை கிடைக்கிற வயதிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

சிக்கனக் கணக்கு உடைகிற இன்னொரு இடம் மருத்துவக் காப்பீடு. வேலையை விட்ட அன்று கம்பெனியின் குரூப் பாலிசி போய்விடும். அதன்பின் சொந்தமாக எடுத்தால், சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் போட நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. அதனால் விடப்போகும் தேதிக்கு மூன்று ஆண்டு முன்பே தனிப் பாலிசி எடுத்து, காத்திருப்பை வேலையில் இருக்கும்போதே கழித்துவிட வேண்டும். வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும். மாதம் 4,000 என்பது 8,000 ஆனால் நடுக் கணக்குக்காரர் ஒரு சுற்றுலாவைக் குறைப்பார். சிக்கனக்காரர் பாலிசியையே விட்டுவிடலாமா என்று யோசிப்பார். அந்த யோசனை வருவதே கணக்கு இறுக்கம் என்பதன் அடையாளம். மாதாந்திரத்தில் தெரியாத செலவுகளும் இப்படித்தான். மொட்டைமாடி ஒழுகும், போர்வெல் மோட்டார் எரியும், தங்கை மகள் கல்யாணத்துக்கு மாமன் சீர் வைக்க வேண்டும். பத்தாண்டில் வரக்கூடிய இத்தகைய செலவுகளை ஒரு தாளில் எழுதிக் கூட்டி 120-ஆல் வகுத்தால், 40,000 உண்மையில் 44,000 என்று தெரியவரலாம்.

தாராளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 19 ஆண்டு கழித்துக் கணவருக்கு 61 வயது. தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஓய்வு பெறுவது 60-இல். அதாவது இந்தக் குடும்பத்துக்குத் தாராளக் கணக்கு என்பது முன்கூட்டிய விடுதலையே அல்ல, வழக்கமான ஓய்வுதான், கொஞ்சம் வசதியாக. அதில் தவறில்லை, செய்யும் வேலை பிடித்திருந்தால். ஆனால் 60,000-இல் நிறைவாக இருப்பவர்கள் 1,20,000-க்காக உழைப்பது, இதுவரை வாழ்ந்தே பார்க்காத ஒரு வாழ்க்கைக்கு முன்பணம் கட்டுவது போல.

உண்மையான போட்டி சிக்கனத்துக்கும் நடுவுக்கும் இடையில்தான். இங்கே ஒரு மாற்றுவிகிதம் உதவும். மாதச் செலவில் 1,000 ரூபாய் கூட்டினால் ஆண்டுக்கு 12,000, அதற்கு 33 மடங்கு கிட்டத்தட்ட 4 லட்சம். கார்ப்பஸ் 2 கோடியை ஒட்டி நிற்கும்போது சேமிப்பும் வளர்ச்சியுமாக மாதம் 1.3 லட்சம் ஏறும். ஆகவே ஒவ்வொரு 1,000-மும் கூடுதலாக 3 மாத வேலை. நடுக் கணக்கு கூட்டிய 20,000-ஐ இந்த விலையில் படியுங்கள்: சின்ன கார் 6,000, அதற்கு ஒன்றரை ஆண்டு வேலை. ஊர் சுற்றுவதற்கு 5,000, பதினைந்து மாதம். இன்னும் தாராளமான மளிகைக்கு 4,000, ஓராண்டு. வீட்டு வேலைக்கு ஆள் 3,000, ஒன்பது மாதம். ஓட்டல் 2,000, ஆறு மாதம்.

இந்தப் பட்டியலைக் கணவனும் மனைவியும் தனித்தனியே நிரப்ப வேண்டும், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல். வயதான அம்மாவை அழைத்துப் போக கார் வேண்டும், அதற்காக ஒன்றரை ஆண்டு வேலை பார்க்கத் தயார் என்று ஒருவர் எழுதலாம். டாக்ஸி போதும், அந்த ஒன்றரை ஆண்டு மகள் வீட்டில் இருக்கும் கடைசி ஆண்டுகள் என்று மற்றவர் எழுதலாம். இரண்டும் சரியான பதில்கள். கோடிக்கணக்கில் பேசும்போது வராத இந்தச் சண்டை, மாதங்களில் பேசும்போது வரும். வர வேண்டும்.

ஒத்துவராவிட்டால் நடுவே ஒரு வழி உண்டு. சிக்கன கார்ப்பஸான 1.73 கோடியை எட்டியதும் முழுநேர வேலையை விட்டுவிட்டு, டியூஷனோ பகுதிநேரக் கணக்கெழுத்தோ செய்து மாதம் 20,000 சம்பாதித்தால் நடுக் கணக்கின் வாழ்க்கை நான்கு ஆண்டு முன்பே கிடைக்கிறது. ஒரே நிபந்தனை: அந்த 20,000 கார், சுற்றுலா, ஓட்டல் போன்றவற்றுக்கு மட்டும் போக வேண்டும். மளிகையும் பிரீமியமும் அதை நம்பி நின்றால், டியூஷன் பிள்ளைகள் குறைகிற ஆண்டில் கார்ப்பஸில் கை வைக்க வேண்டிவரும்.

எதை எடுத்தாலும் ராஜினாமாவுக்கு முன் ஒத்திகை பாருங்கள். சம்பளம் வந்த அன்றே 40,000-ஐ மட்டும் ஒரு கணக்கில் விட்டு மீதியைத் தானாக வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பள்ளி, டியூஷன் கட்டணம் மட்டும் படிப்புப் பணத்திலிருந்து போகட்டும். பிப்ரவரி, மார்ச்சில் பார்த்தால் பொய்யான முடிவு வரும், அப்போது பெரிதாக எந்தச் செலவும் இருக்காது. ஜூனில் ஆரம்பித்து ஆவணி முகூர்த்தங்கள், தீபாவளி, பொங்கல் தாண்டி ஜனவரி முடிய ஓட்டிப் பாருங்கள். அந்த எட்டு மாதத்தில் எத்தனை முறை மற்ற கணக்கிலிருந்து பணம் எடுத்தீர்கள், எதற்கு எடுத்தீர்கள் என்று தேதி போட்டு எழுதி வைத்தால், உங்கள் உண்மையான மாதச் செலவு அதில் இருக்கும்.