அழகியல் பாடவேளையில் சிக்கும் நேரசூசி: FET மென்பொருளோடு சில ஆண்டுகள்

திருகோணமலையில் நான் படிப்பிக்கும் பள்ளியில் தரம் 6 முதல் 13 வரை நேரசூசி போடும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அதற்கு முன் பெரிய மட்டையில் கோடு போட்டு, பென்சிலால் எழுதி, அழிறப்பரால் அழித்துத்தான் வேலை நடந்தது. இப்போது FET. ருமேனியாவைச் சேர்ந்த லிவியு லலெஸ்கு எழுதிய இலவச மென்பொருள் இது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், பழைய கணினியே போதும். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எந்த இடத்தில் எதை அழுத்துவது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது ஓரிரு நாளில் பிடிபட்டுவிடும். பள்ளி திறந்து வாரங்கள் போன பிறகும் நேரசூசி முடியாமல் இழுபடுவதற்குக் காரணம் வேறு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு 40 நிமிடப்படி 8 பாடவேளை, வாரத்துக்கு 40. ஒவ்வொரு தரத்திலும் A, B, C என்று மூன்று வகுப்பு. கணிதம், தமிழ், வரலாறு போன்றவற்றை வைப்பதில் பெரிய தொல்லை இல்லை. ஒரு ஆசிரியர், ஒரு வகுப்பு, ஒரு அறை, அவ்வளவுதான். தொல்லை தருவது மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கலைந்து போகும் பாடங்கள். சமயம், அழகியல், தரம் 10, 11 இன் தொகுதிப் பாடங்கள் எல்லாம் இந்த வகை. 10A, 10B, 10C மூன்றும் ஒன்றாகக் கலைந்து சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் என்று நாலு பக்கம் போகும். அந்த நேரத்தில் நாலு ஆசிரியர்களும் ஒருசேர ஓய்வாக இருக்க வேண்டும். FET இல் இதை ஒரே செயற்பாடாகப் பதியலாம்: பாடம் அழகியல், ஆசிரியர் நால்வர், மாணவர் மூன்று வகுப்பு. பிள்ளைகளைப் பாடவாரியாக உபகுழுக்களாகப் பிரித்துப் பதியும் வழியும் உண்டு. ஆனால் அழகியல், சமயம், தொகுதிப் பாடம் மூன்றையும் ஒன்றோடொன்று பெருக்கினால் உபகுழுக்கள் நூற்றைத் தாண்டிவிடும். எங்கள் அளவுப் பள்ளிக்கு அது வேண்டாத வேலை.

ஒரு வருடம் நடந்ததைக் கணக்கோடு சொல்கிறேன். தரம் 6 முதல் 11 வரை ஆறு தரம், தரத்துக்கு வாரம் 3 அழகியல் பாடவேளை. ஆக மொத்தம் 18. சங்கீதமும் சித்திரமும் எங்கள் பள்ளி ஆசிரியர்கள். நடன ஆசிரியை மூதூர்ப் பக்கம் இன்னொரு பள்ளிக்கும் பொறுப்பு, எங்களிடம் திங்கள், செவ்வாய், புதன் மட்டும் வருவார். நாடக ஆசிரியரும் அப்படித்தான், அவருக்குப் புதன், வியாழன், வெள்ளி. வராத நாட்களை ஒவ்வொருவருக்கும் பதிந்து ஓடவிட்டால், தொடக்கச் சோதனையில் FET ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாது. அது ஆசிரியரைத் தனித்தனியாக எண்ணிப் பார்க்கிறது. நடனத்துக்கு 3 நாள், 24 இடம், தேவை 18: சரி. நாடகத்துக்கும் 24 இடம், தேவை 18: அதுவும் சரி.

ஓடத் தொடங்கியதும் எட்டுச் செயற்பாடுகளை வைத்தது. ஒன்பதாவதில் நின்றுவிட்டது. நாலு பேரும் சேர்ந்து இருக்கும் நாள் புதன் ஒன்றுதான், அன்று இருப்பது 8 பாடவேளை. எட்டு இடத்தில் பதினெட்டை எந்தக் கணினியாலும் வைக்க முடியாது. இரவு முழுக்க ஓடவிட்டாலும் அந்த ஒன்பது ஒன்பதாகவேதான் இருக்கும்.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட அடையாளம் ஒன்று. FET கடினமானவற்றை முதலில் வைக்கப் பார்க்கும். ஓட்டம் தொடக்கத்திலேயே ஒரு சின்ன எண்ணில் அசையாமல் நின்றால், நிபந்தனைகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். காத்திருந்து பயனில்லை. நிறுத்தினால் ஒரு பட்டியல் வரும், வைக்க முடியாமல் போனவை அதன் கடைசியில் இருக்கும். கடைசி இரண்டு மூன்று வரிகளில் யார் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். எங்களுக்கு நடனமும் நாடகமும் ஒரே வரியில் நின்றன. உடனே இருவரின் நாட்களையும் ஒரு தாளில் மேலும் கீழுமாக எழுதிப் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும்.

தீர்வு மென்பொருளில் இல்லை, தொலைபேசியில் இருந்தது. எங்கள் அதிபர் மற்றப் பள்ளி அதிபரோடு பேசி, நாடக ஆசிரியரின் நாட்களையும் திங்கள், செவ்வாய், புதனாக மாற்றிக்கொண்டார். 24 இடத்தில் 18. அதன் பிறகு சில நிமிடங்களில் நேரசூசி வந்துவிட்டது.

வந்ததுதான், ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. சங்கீத ஆசிரியைக்கும் சித்திர ஆசிரியருக்கும் முதல் மூன்று நாளும் ஆறு ஆறு பாடவேளை, வியாழன் வெள்ளி வெறுமை. வெறுமை என்றால் ஓய்வு என்று யாரும் நினைக்க வேண்டாம். லீவில் நிற்கும் ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புக்குப் போவதற்குக் காலையில் உப அதிபர் யாரைத் தேடுவார்? நேரசூசியில் யாருக்கு வெற்றிடமோ அவரைத்தான். “சேர், வியாழன் வெள்ளி எண்டால் நாங்கள் ரெண்டு பேரும்தான் எல்லாரிட ரிலீஃபும் பாக்கிறது” என்று சங்கீத ரீச்சர் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் கேட்டார். நியாயமான கேள்வி. மோதல் இல்லாத நேரசூசி என்பது வேறு, சமமான நேரசூசி என்பது வேறு. FET முதலாவதை மட்டும்தான் உறுதிப்படுத்தும். இப்போது ஒரு ஆசிரியருக்கு வாரத்துக்கு இத்தனை ரிலீஃபுக்கு மேல் போடுவதில்லை என்று உப அதிபரோடு பேசி வைத்திருக்கிறோம். அதுவும் எழுதாத ஒப்பந்தம்தான்.

இரண்டாவது சிக்கல் கணினி ஆய்கூடம். ஒன்றே ஒன்று இருக்கிறது. தரம் 6 முதல் 9 வரை பன்னிரண்டு வகுப்புக்கும் ஒவ்வொன்று, 12. தரம் 10, 11 தொகுதிப் பாடத்தில் ஐ.சி.ரி எடுப்பவர்களுக்கு மூன்று மூன்று, 6. தரம் 12 இன் மூன்று பிரிவுக்கும் பொதுத் தகவல் தொழினுட்பம் இரண்டு இரண்டு, 6. உயர்தர ஐ.சி.ரி 12 க்கும் 13 க்கும் எட்டு எட்டு, 16. கூட்டினால் 40. வாரத்தில் இருப்பதும் 40. தாளில் அழகாகப் பொருந்துகிறது.

ஓட்டம் ஒன்பதில் நிற்கவில்லை. நூறு நூறாக ஏறிப் போய், முடிவுக்குக் கிட்ட வந்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தது. காரணம் FET வேலை செய்யும் விதம். ஒரு பாடத்தை வைக்க இடம் இல்லாவிட்டால் ஏற்கனவே வைத்த ஒன்றைத் தள்ளிவிட்டு அங்கே வைக்கும், தள்ளப்பட்டதற்கு வேறிடம் தேடும், அது இன்னொன்றைத் தள்ளும். பதினைந்து சதுரத்தை நகர்த்தி விளையாடும் பலகையில் ஒரு வெற்றுக் கட்டம் இருப்பதால்தான் எதையும் நகர்த்த முடிகிறது. ஆய்கூடத்தில் அந்தக் கட்டம் இல்லை. இதற்கு மேல் வெள்ளிக்கிழமை இன்னொரு முடிச்சு. ஐ.சி.ரி ஆசிரியர்கள் இருவரில் ஒருவர் ஜும்ஆவுக்குப் போகிறவர், 12.10 க்குத் தொடங்கும் ஏழாம் பாடவேளையும் எட்டாவதும் அவருக்குப் போட முடியாது. ஆய்கூடம் நிறைந்திருக்க வேண்டுமானால் அந்த இரண்டும் மற்றவர் தலையில்தான் விழ வேண்டும்.

உயர்தரத்தில் 12 க்கும் 13 க்கும் எட்டில் நாலு நாலு கோட்பாடு, அதற்குக் கணினி வேண்டியதில்லை. அந்த எட்டையும் சாதாரண வகுப்பறைக்கு மாற்றியதும் 40 என்பது 32 ஆனது. பிறகு ஓடியது. எட்டு இடம் வெற்றாகக் கிடப்பதை ஒரு பகுதித்தலைவர் வீண் என்று சொன்னார். பருவத்தின் நடுவில் ஒரு மாற்றம் வரும்போது அந்த எட்டுத்தான் கைகொடுக்கிறது. என் அனுபவத்தில் எந்தச் சிறப்பு அறையையும் 35 க்கு மேல் நிரப்பப் பார்ப்பது வம்பு.

நடுப்பருவ மாற்றம் பற்றியும் சொல்ல வேண்டும். மே மாதத்தில் ஒரு விஞ்ஞான ஆசிரியருக்கு இடமாற்றம் வரும், பதிலுக்கு வருகிறவர் வேறு நாட்களைக் கேட்பார். அப்படியே மறுபடி ஓடவிட்டால் முழுப் பள்ளியின் நேரசூசியும் தலைகீழாக மாறிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு ஓட்டமும் வேறு விடை தரும். இதற்குத்தான் பூட்டும் வசதி. வந்த நேரசூசியில் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, அந்த ஆசிரியரின் பாடங்களையும் அவரோடு மோதும் வகுப்புகளின் சில பாடங்களையும் மட்டும் திறந்துவிட்டு ஓடவிட வேண்டும். விடை வராவிட்டால் இன்னும் கொஞ்சம் திறக்கலாம். இந்த ஒன்றுக்காகவே மட்டைக்குத் திரும்பிப் போக மாட்டேன்.

ஒரு பாடம் ஒரே நாளில் இரண்டு தடவை வராமல் தடுக்கும் `Min days between activities` நிபந்தனைக்கு FET தானாகவே 95 சதவீதம் போடும். அதை 100 ஆக்கத் தோன்றும். வாரத்துக்கு 6 பாடவேளை உள்ள கணிதத்தை ஆறு தனித் துண்டாகப் பதிந்துவிட்டு 100 போட்டால், ஐந்து நாளில் ஆறு எப்படி வரும்? 2+1+1+1+1 என்று பிரித்துப் பதிந்தால் ஒரு நாள் இரட்டைப் பாடவேளை கிடைக்கும், அது கணித ஆசிரியர்களுக்கும் பிடிக்கும்.

தமிழ் பற்றி ஒரு சொல். பழைய ஆசிரியர் பட்டியல்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அவற்றை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பதிய வேண்டும். விடைகள் `fet-results` என்ற கோப்புறையில் எச்.ரி.எம்.எல் கோப்புகளாக விழும். வகுப்புவாரி, ஆசிரியர்வாரி இரண்டும் தமிழில் ஒழுங்காகத் தெரிகின்றன, அச்சிலும் பிசகில்லை. ஆசிரியருக்குச் சுருக்கப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள், முழுப்பெயர் போட்டால் நாலு பேர் சேரும் அழகியல் கட்டம் மட்டும் வீங்கிப்போகும்.

ஒரு தரத்துக்கு ஒரே வகுப்பு உள்ள சின்னப் பள்ளிக்கு இதெல்லாம் தேவையில்லை, எக்செல் போதும். மூன்று வகுப்பும் வந்துபோகும் ஆசிரியர்களும் இருந்தால் FET ஐ எடுக்கலாம். ஆனால் அதைத் திறப்பதற்கு முன், ஒன்றாகக் கலையும் ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து இருக்கும் பாடவேளை எத்தனை என்று ஒரு தாளில் எண்ணுங்கள். நானும் இன்னும் அப்படித்தான் தொடங்குகிறேன், அரை மணித்தியாலம் போகும்.